பொருள்பெயரில் இரண்டு அடைப்புக்குறிகள் வரும்போது MID, FIND தவறான பகுதியை எடுத்துத் தருகிறது

இருப்புப்பதிவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இருப்புப் பட்டியலில் 1,840 பொருள்பெயர்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பொதியின் அளவு அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்டுள்ளது. அந்த அளவை மட்டும் தனி நெடுவரிசையில் கொண்டுவருவதற்காகக் கீழ்க்கண்ட சூத்திரத்தைப் போட்டேன்.

```
=IFERROR(MID(A2,FIND("(",A2)+1,FIND(")",A2)-FIND("(",A2)-1),"")
```

முதல் இருநூறு வரிகளைப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்ததால் நிம்மதியாக வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, அளவு நெடுவரிசையில் "எஃகு", "வெள்ளை" என்றெல்லாம் வந்திருப்பதாகச் சொல்லித் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். போதாக்குறைக்கு 61 வரிகள் வெறுமையாகவும் இருக்கின்றன. பெயர்கள் இந்த மாதிரி இருக்கும்: "ஆணி (50)", "திருகு (எஃகு) (500)", "2) திருகு (500)". எனக்கு வேண்டியது அளவு மட்டுமே. என் கணினியில் எக்செல் 365 உள்ளது. ஆனால் இந்தத் தாளை நிரப்பப்போகும் மற்றொருவரிடம் இருப்பது 2016.

மூன்றாம்வரி

இதற்கு இவ்வளவு பெரிய சூத்திரம் தேவையில்லை நண்பரே. முதல் அடைப்புக்குறிக்கு முன்னால் வெட்டிவிட்டால் பெயர் சுத்தமாகிவிடும்.

```
=TRIM(LEFT(A2,FIND("(",A2&"(")-1))
```

கடைசியில் `A2&"("` என்று ஒட்டியிருப்பதால், அடைப்புக்குறியே இல்லாத பெயரிலும் பிழை வராது.

இருப்புப்பதிவர்

நன்றி. ஆனால் இது அடைப்புக்கு வெளியே உள்ள பெயரைத் தருகிறது. நான் கேட்டது உள்ளே இருப்பதை. ஆனாலும் தேடும் குறியைத் தேடப்படும் உரையின் முடிவில் ஒட்டிவிடும் உத்தி எனக்குப் புதியது. குறித்து வைத்துக்கொண்டேன்.

விரைவழி

சூத்திரமே வேண்டாம் என்பேன். பக்கத்து நெடுவரிசையில் முதல் இரண்டு அளவுகளைக் கையால் எழுதிவிட்டு Ctrl+E அழுத்தினால் எக்செல் தானாகவே மற்றவற்றை நிரப்பிவிடும். 2016-இலும் இந்த வசதி உண்டு. இது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. அளவு எப்போதும் பெயரின் கடைசியில்தான் வருகிறது, அதுவும் மூன்று இலக்கம் என்றால், `RIGHT(A2,5)` போதும், அடைப்புக்குறிகளோடு வந்துவிடும். அதை 1-ஆல் பெருக்கினால் எண்ணாகவும் ஆகிவிடும்.

கணித்தாள்

விரைவழி சொன்ன முதல் வழி பாதி சரி. Ctrl+E உண்மையிலேயே வேகமானது. ஒரே ஒருமுறை செய்யவேண்டிய சிறிய பட்டியலுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துவேன். ஆனால் அது நிரப்பித் தருவது நிலையான எழுத்துகளை. நாளை A நெடுவரிசையில் ஒரு பெயரைத் திருத்தினால் பக்கத்து செல் மாறாது. அதோடு, நீங்கள் எழுதிக்காட்டிய இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒற்றை அடைப்பு உள்ளவையாக இருந்தால், இரட்டை அடைப்பு வரும் இடத்தில் எதை எடுப்பது என்பதை அது ஊகித்துத்தான் முடிவு செய்யும். அந்த ஊகம் தவறியதை 1,840 வரிகளில் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம்.

இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. `"(500)"` என்ற எழுத்துத் தொடரை 1-ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை -500 என்று வரும். கணக்கேடுகளில் அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் தொகை எதிர்மறை என்பது வழக்கம். எக்செலும் அவ்வாறே படிக்கிறது. `VALUE` போட்டாலும் இதே கதைதான். ஒரு செல்லில் (500) என்று நேரடியாகத் தட்டினாலும் -500 ஆகிவிடும். ஆகவே எண்ணாக மாற்றும் முன் அடைப்புக்குறிகளைக் கழற்றியே ஆக வேண்டும்.

இனி உங்கள் சூத்திரத்துக்கு வருகிறேன். அது தவறாகக் கணக்கிடவில்லை. எந்த அடைப்பு வேண்டும் என்பதை நீங்கள் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். `FIND` எப்போதும் இடப்பக்கத்திலிருந்து தேடி முதலில் கண்டதோடு நின்றுவிடும். "திருகு (எஃகு) (500)" என்ற பெயரை எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்ப்போம். முதல் "(" 8-ஆம் இடத்தில் உள்ளது, முதல் ")" 13-ஆம் இடத்தில். எனவே 9-ஆம் இடத்திலிருந்து 13-8-1, அதாவது 4 குறிகள்: "எஃகு". நீங்கள் தேடும் 500 இருப்பது 15-ஆம் இடத்துக்கும் 19-ஆம் இடத்துக்கும் நடுவில். சூத்திரம் அங்கே போய்ச் சேரவே இல்லை.

வெறுமையாக வந்த வரிகளில் ஒரு பகுதிக்குக் காரணம் வேறு. "2) திருகு (500)" என்ற பெயரில் முதல் ")" இரண்டாம் இடத்திலேயே வந்துவிடுகிறது, "(" இருப்பதோ 11-ஆம் இடத்தில். 2-11-1 என்று கழித்தால் -10. எதிர்மறை நீளத்தைக் கொடுத்தால் `MID` `#VALUE!` என்று முறையிடும். அந்த முறையீட்டின் வாயைத்தான் `IFERROR` பொத்திவிட்டது. என்னைக் கேட்டால், சூத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கும் கட்டத்தில் `IFERROR` போடவே கூடாது.

கடைசி அடைப்பை எடுக்க 2016-இலும் ஓடக்கூடிய வழி இது. மூன்று துணை நெடுவரிசைகள் வைத்துக்கொள்ளுங்கள். B-இல் "(" எத்தனை முறை வந்துள்ளது என்ற எண்ணிக்கை:

```
=LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,"(",""))
```

C-இல் கடைசி "(" இருக்கும் இடம்:

```
=IF(B2=0,0,FIND(CHAR(1),SUBSTITUTE(A2,"(",CHAR(1),B2)))
```

D-இல் உள்ளே இருக்கும் உரை:

```
=IF(C2=0,"அடைப்பு இல்லை",
 IFERROR(TRIM(MID(A2,C2+1,FIND(")",A2,C2)-C2-1)),"மூடவில்லை"))
```

`SUBSTITUTE` நான்காவதாக ஓர் எண்ணை ஏற்கும் என்பதில்தான் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. அந்த எண் இரண்டு என்றால், இரண்டாவதாக வரும் "(" மட்டும் மாற்றப்படும்; முதலாவது அப்படியே இருக்கும். பெயர்களில் யாரும் தட்ட வாய்ப்பில்லாத ஒரு குறியாக `CHAR(1)`-ஐ வைத்திருக்கிறேன். சிலர் இந்த இடத்தில் "|" போடுவார்கள். பொருள்பெயரிலேயே "|" இருந்தால் அன்றைக்குத் தலைவலிதான். D-இல் `FIND(")",A2,C2)` என்று மூன்றாவதாகத் தொடங்கும் இடத்தைக் கொடுத்திருப்பதால், "2)" போன்ற வரிசை எண்ணின் அடைப்புக்குறி இனிக் குறுக்கே வராது. இங்கே நானும் `IFERROR` போட்டிருக்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம்; அது வெறுமையை அல்ல, ஒரு பெயரைத் திருப்பித் தருகிறது. வடிகட்டியில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் குறையுள்ள வரிகள் மொத்தமாகக் கண்முன் வந்துவிடும்.

பொன்னி_க

இந்தச் சிக்கலை நான் லிப்ரெஆபிஸ் கால்க்கில் சந்தித்தேன் என்பதால் எழுதுகிறேன். என் தாளில் `FIND` இருந்த இடத்தில் `SEARCH` போட்டிருந்தேன். எல்லா வரிகளிலும் பிழை வந்தது. அந்தக் கோப்பின் அமைப்பில் சூத்திரங்களுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் இயக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் `SEARCH` "(" என்ற குறியைச் சாதாரண எழுத்தாகப் பார்க்காமல், ஒரு தொகுதி தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. `FIND`-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. எக்செலிலும் இப்படி ஏதாவது உண்டா?

கணித்தாள்

எக்செலில் `SEARCH`-க்குச் சிறப்புப் பொருள் தருபவை `?`, `*`, `~` ஆகிய மூன்று குறிகள் மட்டுமே. அடைப்புக்குறி அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இந்த வேலைக்கு இரண்டில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். இருந்தாலும் தேடுவது ஒரே ஒரு குறி என்னும்போது `FIND` போடுவதே என் பழக்கம். உங்கள் அனுபவம் அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணத்தையும் கொடுத்துவிட்டது.

விரைவழி

-500 விவகாரம் எனக்குத் தெரியாது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 365 வைத்திருப்பவர் ஏன் மூன்று நெடுவரிசைகளைச் சுமக்க வேண்டும்? ஒரே வரியில் முடித்துவிடலாமே.

```
=IFNA(TRIM(TEXTBEFORE(TEXTAFTER(A2,"(",-1),")")),"பார்க்கவும்")
```

-1 என்று கொடுத்தால் வலப்பக்கத்திலிருந்து தேடும்.

கணித்தாள்

இந்த முறை உங்கள் பக்கம்தான் நியாயம். 365-இல் இதுவே சிறந்த வழி. குறி கிடைக்காவிட்டால் இந்த இரு செயல்பாடுகளும் `#N/A` தருவதால் `IFNA` சரியான தேர்வு; வேறு வகைப் பிழைகளை அது மறைக்காது. ஆனால் இழையைத் தொடங்கியவரின் சக ஊழியர் 2016-இல் திறக்கும்போது சூத்திரத்தின் பெயருக்கு முன்னால் `_xlfn.` என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய விடை அதுவரை செல்லில் தெரிந்துகொண்டிருக்கும். அவர் A நெடுவரிசையில் கைவைத்த மறுகணம் அந்த வரி `#NAME?` ஆகிவிடும். மேலும், அடைப்பே இல்லாத வரிக்கும் அடைப்பு மூடப்படாத வரிக்கும் இந்தச் சூத்திரம் ஒரே சொல்லைத் தருகிறது. அவை இரண்டும் ஒரே வகைக் குறைகள் அல்ல.

இருப்புப்பதிவர்

மூன்று நெடுவரிசை முறையைப் போட்டுப் பார்த்தேன். விளைவைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"அடைப்பு இல்லை" என்று 22 வரிகள் வந்தன. அவை உண்மையிலேயே அளவு எழுதப்படாத பொருள்கள். "மூடவில்லை" என்று 14 வரிகள். பெயருக்கு முன்னால் வரிசை எண் போட்டிருந்த 30 வரிகளும் இப்போது சரியான அளவைக் காட்டுகின்றன. பழைய சூத்திரத்தில் வெறுமையாக வந்த 61 வரிகளோடு ஒப்பிட்டேன். 22-உம் 30-உம் சேர்ந்தால் 52. மூடப்படாத 14-இல் ஒற்றை அடைப்பு உள்ளவை 9; அவற்றையும் சேர்த்தால் 61 சரியாக வந்துவிட்டது. மீதமிருந்த 5 வரிகள்தான் என்னைத் திடுக்கிட வைத்தன. அவற்றில் இரண்டு அடைப்புகள் இருந்தன. முதலாவது ஒழுங்காக மூடப்பட்டிருந்ததால், பழைய சூத்திரம் எந்தப் பிழையும் காட்டாமல் நிறத்தையோ வகையையோ எடுத்து அளவு நெடுவரிசையில் எழுதிவிட்டிருக்கிறது. வெறுமையான வரிகளை மட்டும் சரிபார்த்திருந்தால் இவை தப்பியிருக்கும்.

இப்போது இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. முதலாவது, 37 வரிகளில் கடைசி அடைப்பில் அளவு இல்லை. "திருகு (500) (புதியது)" என்று இருக்கிறது. இரண்டாவது, மூடப்படாத 14 வரிகளை என்ன செய்வது? `A2&")"` என்று மூன்றாம்வரி காட்டிய உத்தியில் ஒட்டினால் பிழை மறைந்துவிடுகிறது.

தணிக்கைமேசை

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: தயவுசெய்து ஒட்ட வேண்டாம். அந்த 14 வரிகளுக்கும் `LEN` போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே எண்ணாக வந்தால், பெயரை ஏற்றுமதி செய்த மென்பொருள் அந்த நீளத்தில் வெட்டியிருக்கிறது என்று பொருள்.

இருப்புப்பதிவர்

பதினான்கும் 40. ஒன்றுகூட மாறவில்லை.

தணிக்கைமேசை

அப்படியானால் போனது அடைப்புக்குறி மட்டுமல்ல. அதற்கு முன்னால் இருந்த எழுத்துகளும் போயிருக்கலாம். "(500 கி" என்று ஒரு வரி முடிந்தால், அது 500 கிராமா, 500 கிலோவா? ")" ஒட்டினால் "500 கி" என்ற, பார்ப்பதற்கு முழுமையான ஒரு விடை கிடைக்கும், அதை யாரோ ஒருவர் தம் விருப்பப்படி படித்துக்கொள்வார். `#VALUE!` என்று நின்றிருந்தால் குறைந்தபட்சம் கேள்வியாவது எழுந்திருக்கும்.

இன்னொன்று. சரியாக மூடப்பட்டு, நீளம் 40 ஆகவே இருக்கும் வரிகளையும் தனியாக எடுத்துப் பாருங்கள். முதல் அடைப்பு மூடிய இடத்திலேயே வெட்டு விழுந்திருந்தால், அதற்குப் பின்னால் இருந்த அளவு தடயமே இல்லாமல் போயிருக்கும். அங்கே எந்தச் சூத்திரமும் பிழை காட்டாது.

விரைவழி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 40 எழுத்து என்கிறீர்கள். ஆனால் திரையில் அந்தப் பெயர்கள் இருபத்தைந்து எழுத்துக்கு மேல் இருப்பதாகத் தெரியவில்லையே?

கணித்தாள்

நாம் "திருகு" என்பதை மூன்றெழுத்து என்போம். `LEN` அதை 6 என்று எண்ணும். தி என்பது த-வும் அதன் பின்னால் வரும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனி எண்ணிக்கை உண்டு. `FIND`, `MID` இரண்டும் இதே முறையில்தான் எண்ணுகின்றன. எனவே அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தும்போது கணக்கு தவறாது. "கடைசி ஐந்து எழுத்து" என்று கண்ணால் எண்ணிச் சூத்திரத்தில் எழுதினால்தான் தமிழ்ப் பெயர்களில் உதைக்கும். வெட்டும்கூட உயிர்மெய்யின் நடுவிலேயே விழக்கூடும். "கி" இருந்த இடத்தில் "க" மட்டும் மிஞ்சும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். அளவு என்பது இலக்கத்தில்தான் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், E நெடுவரிசையில் ஒரு சோதனை போடலாம்.

```
=ISNUMBER(--LEFT(D2,1))
```

37 வரிகளில் இது FALSE என்று வரும். குறையாகக் குறிக்கப்பட்ட 36 வரிகளும் FALSE ஆகவே வரும் என்பதால் முதலில் அவற்றை வடிகட்டி ஒதுக்கிவிடுங்கள். அந்த 37-க்கு மட்டும், C-இல் இருக்கும் சூத்திரத்தின் கடைசி `B2`-வை `B2-1` என்று மாற்றுங்கள். கடைசிக்கு முந்தைய அடைப்பு எடுக்கப்படும். D-இல் எதையும் தொட வேண்டாம். மாற்றிய வரிகளுக்கு ஏதாவது ஒரு வண்ணம் பூசி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது மேலிருந்து கீழே சூத்திரத்தை இழுத்து நிரப்பினால், இந்த 37-உம் ஓசையில்லாமல் பழைய நிலைக்குப் போய்விடும்.

பொன்னி_க

இலக்கத்தில்தான் தொடங்கும் என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். என் பட்டியலில் "(அரை லிட்டர்)", "(கால் கிலோ)" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சோதனை அவற்றை "புதியது" என்பதோடு சேர்த்து ஒதுக்கிவிடும்.

கணித்தாள்

உண்மை. அதற்கு என்னிடம் நல்ல சூத்திரம் இல்லை. அரை, கால், முக்கால் என்று ஒரு சிறு பட்டியல் வைத்து ஒப்பிடலாம். ஆனால் ஒருவர் "1/2" என்றும் இன்னொருவர் "அரை" என்றும் எழுதும் பழக்கம் தொடரும்வரை அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இருப்புப்பதிவர்

37 வரிகளில் இரண்டைத் தவிர மற்றவை சரியாகிவிட்டன. அவற்றில் "அரை" என்று தொடங்குவது இரண்டு இருந்தன. அவை உண்மையில் சரியான அளவுகள் என்பதால் `B2`-வையே திரும்பப் போட்டுவிட்டேன். D-இல் வருவது எழுத்துத் தொடர் என்பதால் `SUM` போட்டபோது 0 வந்தது. அடைப்புக்குறி இல்லாமல் எடுத்திருந்ததால், வெறும் எண் உள்ள வரிகளுக்கு `VALUE` போட்டேன், நேர்மறையாகவே வந்தன.

தணிக்கைமேசை சொன்னபடி நீளம் 40 உள்ளவற்றைத் தேடினேன். ஒழுங்காக மூடப்பட்ட வரிகள் இரண்டு உள்ளன. 37-இல் சரியாகாத அந்த இரண்டும் இவைதான்; நிறத்தின் அடைப்போடு முடிகின்றன. அவற்றின் முழுப் பெயர் எங்கள் கையில் இல்லை. மூடப்படாத 14 வரிகளோடு இந்த இரண்டையும் சேர்த்து, பெயர்ப் புலத்தின் நீளத்தைக் கூட்டி மீண்டும் ஏற்றுமதி செய்து தரும்படி கேட்டிருக்கிறேன்.

தணிக்கைமேசை

மறு ஏற்றுமதி வரும்வரை அந்த 16 வரிகளின் அளவு நெடுவரிசையில் "மூடவில்லை" என்றே நிற்கட்டும். நிறத்தோடு முடிகிற அந்த இரண்டுக்கு அதைக் கையால் எழுதிவிடுங்கள். இன்னொரு ஐயம்: புதிய கோப்பில் இந்த 16 மட்டும்தான் மாறியிருக்கும் என்று எப்படி உறுதி செய்வீர்கள்?

இருப்புப்பதிவர்

பழைய பெயரையும் புதிய பெயரின் முதல் 40 குறிகளையும் `EXACT` கொண்டு ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு கோப்புகளிலும் வரிசை ஒன்றாகவே இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. பொருள் குறியீட்டு எண் இருக்கிறது. கோப்பு வந்ததும் அதை வைத்து இணைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.